பரிசோதனை நாள்களும் விடுப்பு விண்ணப்பமும்

வேலைக்குச் செல்லும் கர்ப்பிணிகள் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய நாள் மாலையில் விடுப்புக் கேட்பதை எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். அலுவலகம் மறுத்தால் பரிசோதனை தள்ளிப்போகிறது. சில பரிசோதனைகளைத் தள்ளலாம். சிலவற்றுக்குக் காலவரம்பு உண்டு. இந்த வேறுபாட்டை அறிந்தால், பல மாதங்களுக்கான விடுப்பை ஒரே விண்ணப்பத்தில் கேட்டுவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒருவருக்குக் கடைசி மாதவிடாயின் முதல் நாள் 2025 அக்டோபர் 6 எனக் கொள்வோம். பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாள் 2026 ஜூலை 13. மாதக் கடைசியும் மார்ச் இறுதியும் அவருடைய குழுவுக்கு நெருக்கடியான காலம்.

கருவின் கழுத்துப்பகுதி நீர்த் தடிமனை அளக்கும் ஸ்கேனை 11 வாரம் முடிந்தது முதல் 13 வாரம் 6 நாளுக்குள் செய்ய வேண்டும். இவருக்கு அது டிசம்பர் 22 முதல் ஜனவரி 11 வரை. ஆண்டிறுதிக் கணக்கைத் தவிர்க்க டிசம்பர் 23 பொருந்தும். ஜனவரி 11 கடந்தால் இந்த அளவீட்டைக் கொண்டு கணிக்க இயலாது.

உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்கு 18 முதல் 20 வாரங்கள் ஏற்றவை. பிப்ரவரி 12 எனக் குறிக்கலாம். குழந்தை படுத்திருக்கும் நிலையால் இதயம் சரியாகத் தெரியாவிட்டால் மீண்டும் வரச் சொல்வோம். ஆகவே அந்தக் காலத்தின் தொடக்கத்திலேயே நாள் குறிப்பது நல்லது.

சர்க்கரைப் பரிசோதனைக்கு 24 முதல் 28 வாரங்கள், அதாவது மார்ச் 23 முதல் ஏப்ரல் 20 வரை இடமுண்டு. நிதியாண்டு முடிவை விட்டு ஏப்ரல் 9-இல் வரலாம். 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் அரைநாள் போதும். அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் வேறொரு நாள் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். மாற்று நாள் ஒன்றையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

விண்ணப்பத்தின் மையப்பகுதி இவ்வாறு அமையலாம்: "மருத்துவர் அறிவுறுத்தியபடி டிசம்பர் 23, பிப்ரவரி 12 ஆகிய நாள்களில் முழுநாளும், ஏப்ரல் 9-இல் முற்பகலும் விடுப்புத் தேவை. ஏப்ரல் 9-க்கு மாற்று நாள் ஏப்ரல் 16. இந்நாள்களுக்கான பணியை முன்னதாகவே முடித்துத் தருவேன்." எங்கள் சான்றிதழை இணைத்தால் போதும், ஸ்கேன் அறிக்கையை அலுவலகத்தில் காட்ட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

முதல் ஸ்கேனில் கருவின் வயது மாறினால் எல்லா நாள்களும் நகரும். ஆதலால் அந்த ஸ்கேனுக்குப் பின்னரே விண்ணப்பியுங்கள். 28 வாரத்துக்குப் பின் வருகை இரு வாரத்துக்கொருமுறையாகவும், 36-க்குப் பின் வாரந்தோறும் ஆகும். அந்நாள்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இரத்தக்கசிவு, நீர் வெளியேறுதல், பார்வை மங்கலுடன் கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை இந்த அட்டவணைக்கு வெளியே உள்ளவை. விடுப்பு ஒப்புதலுக்குக் காத்திராமல் அன்றே வந்துவிடுங்கள். விண்ணப்பத்தை உடன் வருபவர் அனுப்பிக்கொள்ளட்டும்.