பாதி மாதத்தில் மாறும் சந்தா

மாதச் சந்தாவுக்கு முன்பணம் கட்டியவர் இடையில் திட்டம் மாறினால், மீதி நாட்களுக்கு மட்டும் இரு விலைகளும் கணக்கிடப்படும். 30 நாள் சுழற்சியில் 12 நாள் கழிந்தபின் ஒருவர் 300 ரூபாய்த் திட்டத்திலிருந்து 700 ரூபாய்த் திட்டத்துக்கு ஏறுகிறார் என்று கொள்வோம். பயன்படுத்தாத 18 நாளுக்குப் பழைய திட்டத்தில் 180 ரூபாய் வரவு. அதே நாட்களுக்குப் புதிய திட்டத்தில் 420 ரூபாய் பற்று. வித்தியாசம் 240. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 283.20.

31 நாள் மாதமாக இருந்தால் மீதி 19 நாள். வரிக்கு முன்பே 245.16 ஆகிவிடும். சில நிறுவனங்கள் நொடிக்கணக்கில் வகுப்பதால், காலையில் மாறியவருக்கும் மாலையில் மாறியவருக்கும் தொகை வேறுபடும்.

இறங்கும்போது கணக்கு எதிர்மறையாகும். அந்தத் தொகை பெரும்பாலும் வங்கிக்குத் திரும்பாது. அடுத்த பில்லில் கழியும். பல சேவைகள் இந்தச் சிக்கலே வேண்டாமென்று, இறக்கத்தைச் சுழற்சி முடியும்வரை தள்ளிவைக்கின்றன.