கழித்தல் கணக்கில் காணாமல் போகும் காடு

சென்னைக்கு மேலே, ஏறக்குறைய 705 கிலோமீட்டர் உயரத்தில், லேண்ட்சாட் செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை காலை பத்து மணி வாக்கில் கடந்து போகிறது. 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 எடுத்த பழைய படங்கள் 2008இலிருந்து இலவசம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 1991இல் எப்படி இருந்தது, 2021இல் எப்படி இருக்கிறது என்று வீட்டுக் கணினியிலேயே யாரும் பார்க்கலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட்.

இரண்டு ஆண்டுகளின் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, புள்ளிக்குப் புள்ளி கழிப்பதுதான் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் மிகப் பழைய, மிக எளிய வழி. எதைக் கழிப்பது? பெரும்பாலும் பசுமைக் குறியீட்டை. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை அள்ளித் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு கிடைக்கும். ஓர் இடம் 1991இல் அகச்சிவப்பில் 0.36, சிவப்பில் 0.06 காட்டியது என்று வைத்துக்கொள்வோம், குறியீடு 0.71. அது 2021இல் முறையே 0.24, 0.18 ஆகியிருந்தால் குறியீடு 0.14. கழித்தால் மைனஸ் 0.57. அங்கே இருந்த பச்சை போய்விட்டது.

மாறாத இடங்களில் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் சரியாகப் பூஜ்யம் எங்குமே வராது. எவ்வளவு விலகினால் மாற்றம் என்று கொள்வது என்பதற்கு ஒரு கோடு போட்டாக வேண்டும். சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் தள்ளிப் போடுவது பழக்கம்; அது வேதவாக்கு அல்ல. நிச்சயமாக மாறிய சில இடங்களும் நிச்சயமாக மாறாத சில இடங்களும் கோட்டின் சரியான பக்கங்களில் விழுகின்றனவா என்று பார்த்துத்தான் அதை நகர்த்த வேண்டும்.

இந்தக் கழித்தலில் ஏமாற நிறைய இடம் உண்டு. ஜனவரியில் கதிர் முற்றாத சம்பா வயல் மார்ச்சில் வெறும் தாள். இந்த இரு மாதப் படங்களைக் கழித்தால் தஞ்சை மாவட்டமே அழிந்துபோனதுபோல் தெரியும். அதனால் இரண்டு ஆண்டுகளிலும் ஒரே பருவத்துப் படம் வேண்டும். படங்கள் ஒரு புள்ளி அளவு நகர்ந்து பொருந்தியிருந்தால் அதுவும் முகத்திலேயே தெரியும்: சாலை, கடற்கரை, ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெளுப்புமாக இரட்டைக் கோடு விழும். இரண்டு நாள் வானமும் ஒன்றல்ல என்பதற்கு மீனம்பாக்கம் ஓடுதளம் போல் மாறாத ஒரு பரப்பைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே விடை பூஜ்யத்தை விட்டு விலகினால் பழுது தரையில் இல்லை, படத்தில்தான். இன்னொன்று கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் நடப்பதுதான்: லேண்ட்சாட் 5இல் நான்காவது அலைவரிசை அண்மை அகச்சிவப்பு, லேண்ட்சாட் 8இல் நான்காவது சிவப்பு, ஐந்தாவதுதான் அகச்சிவப்பு. எண்ணைப் பார்த்து நான்கிலிருந்து நான்கைக் கழித்தவருக்குக் கிடைப்பது வெறும் குப்பை.

பள்ளிக்கரணை இன்னொரு பாடத்தையும் சொல்லும். திறந்த நீரின் பசுமைக் குறியீடு பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே. கான்கிரீட்டின் குறியீடு அதற்குச் சற்று மேலே. நீர் நின்ற இடத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால் கழித்தல் கணக்கில் குறியீடு ஏறும்; அந்த இடம் பசுமையானதாகப் படம் சொல்லும்! ஏதோ மாறியது என்பதை மட்டும்தான் கழித்தல் சொல்கிறது. எது எதுவாக மாறியது என்று அறிய இரு ஆண்டுகளையும் நீர், தாவரம், கட்டடம் என்று வகைப்படுத்தியாக வேண்டும்.

அப்படி வகைப்படுத்திய வரைபடம் எவ்வளவு சரி? அறிக்கைகள் பெரும்பாலும் ‘துல்லியம் 95 சதவீதம்’ என்று ஒரே எண்ணில் முடித்துக்கொள்ளும். அந்த எண் எதை மறைக்கிறது என்பதைப் பொன்டஸ் ஓலோஃப்சனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு மாதிரிக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

அவர்களுடைய கற்பனை வரைபடத்தில் ஒரு கோடி புள்ளிகள். அதில் காடு அழிந்ததாகக் குறிக்கப்பட்டவை 2,00,000, அதாவது 18,000 ஹெக்டேர். மாறாத காடு 32,00,000. காடே இல்லாமல் அப்படியே இருப்பவை 64,50,000. மிச்சம் புதிதாக வளர்ந்த காடு. ஒவ்வொரு வகையிலிருந்தும் குலுக்கலில் சில புள்ளிகளை எடுத்து, உண்மையில் அங்கே என்ன நடந்தது என்று சரிபார்க்கிறார்கள். நடைமுறையில் இதைத் தரைக்குப் போயோ, கூர்மையான படங்களைப் பார்த்தோ செய்வார்கள். பார்ப்பவருக்கு வரைபடம் என்ன சொன்னது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் அதையே காணும்.

‘காடு அழிந்தது’ என்று குறித்த 75 புள்ளிகளில் 66 உண்மை. 88 சதவீதம், மோசமில்லை. மறுபக்கம், உண்மையில் அழிந்தும் வரைபடம் தவறவிட்டவை மூன்றே மூன்று: மாறாத காட்டின் 165 புள்ளிகளில் ஒன்று, காடில்லாப் பகுதியின் 325இல் இரண்டு. அப்படியானால் அழிந்த 69இல் 66ஐப் பிடித்துவிட்டது, 96 சதவீதம் என்று சொல்லத் தோன்றும்.

அங்கேதான் சறுக்கல். அந்த மூன்று புள்ளிகளின் எடை வேறு. காடு அழிந்த வகையில் சரிபார்த்த ஒரு புள்ளி 2,667 புள்ளிகளுக்காகப் பேசுகிறது. காடில்லாப் பகுதியில் சரிபார்த்த ஒரு புள்ளி ஏறத்தாழ 19,850 புள்ளிகளுக்காக. மாறாத காட்டிலும் அதே நிலைதான். ஆகவே மூன்று தவறும் சேர்ந்து ஏறக்குறைய 59,000 புள்ளிகள் ஆகின்றன. சரியாகப் பிடித்த 1,76,000உடன் இதைக் கூட்டினால் உண்மையில் அழிந்தது 2,35,000க்குச் சற்று மேல். அதில் வரைபடம் பிடித்தது 75 சதவீதம்தான். பரப்பளவும் மாறுகிறது: 18,000 ஹெக்டேர் அல்ல, 21,158 ஹெக்டேர். அதுவும் 6,158 கூடலாம், குறையலாம்.

இத்தனைக்கும் ஒட்டுமொத்தத் துல்லியம் அந்த 95 சதவீதத்தை விட்டு அசையவில்லை. காரணம், மாற்றம் எப்போதும் அபூர்வம். காடு அழிந்ததா இல்லையா என்ற கேள்விக்கு ‘எங்குமே அழியவில்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கூட இந்த வரைபடத்தில் நூற்றுக்கு 97 இடங்களில் சரியாகவே சொல்லியிருப்பார்.

6,158 என்ற இடைவெளியைச் சுருக்க, சும்மா இன்னும் ஆயிரம் புள்ளிகளைச் சரிபார்ப்பது வீண் செலவு. தவறவிட்ட அழிவு பெரும்பாலும் ஏற்கெனவே அழிந்த இடத்தின் விளிம்பை ஒட்டித்தான் ஒளிந்திருக்கும். அந்த விளிம்பைச் சுற்றி ஓரிரு புள்ளி அகலத்தில் ஒரு பட்டையைத் தனி வகையாகப் பிரித்து, அதற்கென்று கூடுதல் புள்ளிகளை ஒதுக்குவதே இப்போதைய வழக்கம். அந்தப் பட்டை சிறியது என்பதால் அங்கே ஒரு தவறு அகப்பட்டாலும் அதன் எடை இருபதாயிரத்துக்குத் தாவாது.