டூப்ளெக்ஸ் பொருந்தாமை

டூப்ளெக்ஸ் பொருந்தாமை என்பது ஓர் ஈதர்நெட் வடத்தின் ஒரு முனை முழு இருவழி முறையிலும், மறுமுனை அரை இருவழி முறையிலும் இயங்கும் நிலையாகும். இந்நிலையில் இணைப்பு விளக்கு வழக்கம்போல் எரியும். பிங் கட்டளைக்கு மறுமொழி வரும். சிறிய இணையப் பக்கங்களும் திறக்கும். ஆனால் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கியதும் வேகம் சரிந்து, நின்று நின்று நகரும். வடம் அறுந்துபோனால் உடனே தெரிந்துவிடும். இக்கோளாறு அப்படியன்று, "நெட்வொர்க் கொஞ்சம் மெதுவு" என்ற பேச்சோடு மாதக்கணக்கில் கிடக்கும்.

## இரு முறைகள்

தொடக்ககால ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே ஊடகத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அது மோதல். இருவரும் நிறுத்தி, சிறிது நேரம் காத்திருந்து, மீண்டும் அனுப்புவார்கள். இதுவே அரை இருவழி முறை. சுவிட்ச் வந்த பின், ஒரு வடத்தில் இரண்டே கருவிகள், அனுப்புவதற்கும் பெறுவதற்கும் தனித்தனி இணைக்கம்பிகள் என்ற நிலை ஏற்பட்டது. இனி மோதலைக் கவனிக்கத் தேவையில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். இதுவே முழு இருவழி முறை.

எந்த முறையில், எந்த வேகத்தில் இயங்குவது என்பதை இரு கருவிகளும் தாமாகவே பேசி முடிவு செய்ய 1995-இல் வந்த 802.3u தரம் வழி செய்தது. இதற்குத் தானியங்கு உடன்பாடு என்று பெயர். வடம் செருகப்பட்டதும் இரு முனைகளும் தங்களால் இயன்றவற்றைச் சிறு துடிப்புகளாக அறிவிக்கும். இருவருக்கும் பொதுவானவற்றுள் சிறந்தது தேர்வாகும்.

## பொருந்தாமை எப்படி உண்டாகிறது

தொடக்க ஆண்டுகளில் எல்லா நிறுவனக் கருவிகளும் இந்த உடன்பாட்டை ஒழுங்காகச் செய்யவில்லை. ஆகவே நிர்வாகிகள் பலர் சுவிட்ச் போர்ட்டுகளைக் கையால் "100 மெகாபிட், முழு இருவழி" என்று நிலையாக அமைத்துவிட்டனர். அந்தப் பழக்கம் அக்கருவிகள் மறைந்த பின்னும் தொடர்ந்தது.

அப்படி அமைத்த போர்ட் பொதுவாக உடன்பாட்டுத் துடிப்புகளை அனுப்பாது. அதில் தானியங்கு நிலையிலுள்ள புதிய கணினி ஒன்றைச் செருகினால் என்ன ஆகும்? கணினி தன் திறன்களை அறிவிக்கும், பதில் வராது. எனினும் 10 மெகாபிட் இணைப்பின் குறிப்பலையும் 100 மெகாபிட் இணைப்பின் குறிப்பலையும் வேறுவேறானவை என்பதால், வேகம் 100 என்பதைக் கணினி கண்டுபிடித்துவிடும். மறுமுனை முழு இருவழியா, அரை இருவழியா என்பதை மட்டும் குறிப்பலையிலிருந்து அறிய வழியில்லை. அந்நிலையில் அரை இருவழியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தரத்தின் விதி. ஆக, சுவிட்ச் முழு இருவழி, கணினி அரை இருவழி. கணினி இங்கே பிழை எதுவும் செய்யவில்லை, விதிப்படியே நடந்திருக்கிறது. வேகத்தை மட்டும் சரியாகக் காட்டுவதால்தான் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

## ஏன் சிறிய வேலை நடக்கிறது, பெரிய வேலை நடப்பதில்லை

பிங் செய்யும்போது ஒரு கேள்வி போகும், பிறகு பதில் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வடத்தில் இருப்பது அரிது. கோப்பு நகலெடுக்கும்போது நிலைமை வேறு. தரவு ஒரு பக்கம் தொடர்ந்து ஓட, அதற்கான ஒப்புகைகள் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கணினி 1518 பைட் நீளமுள்ள சட்டகம் ஒன்றை அனுப்புவதாகக் கொள்வோம். 100 மெகாபிட் வேகத்தில் அதற்கு ஏறத்தாழ 121 மைக்ரோ நொடி ஆகும். நடுவில் சுவிட்ச் ஓர் ஒப்புகையை அனுப்பத் தொடங்குகிறது. அதற்குக் காத்திருக்கும் கடமை இல்லை. ஆனால் அரை இருவழியில் உள்ள கணினி இதை மோதல் என்றே கருதும். அனுப்புவதைப் பாதியில் நிறுத்திவிடும். சுவிட்சுக்குப் போய்ச் சேர்வது அரைகுறைச் சட்டகம். வந்துகொண்டிருந்த ஒப்புகையும் கணினியில் வீணாகிறது.

அரை இருவழி விதிப்படி மோதல் முதல் 64 பைட்டுக்குள், அதாவது 5.12 மைக்ரோ நொடிக்குள் நிகழ வேண்டும். அப்போது வலையட்டையே சட்டகத்தைத் திரும்ப அனுப்பிவிடும். அதற்குப் பிறகு நிகழ்வது "தாமத மோதல்". அந்தச் சட்டகத்தை அட்டை பொதுவாகக் கைவிட்டுவிடும். 121 மைக்ரோ நொடியில் முதல் 5 போக மீதி எல்லாமே இந்த ஆபத்தான பகுதிதான். கைவிடப்பட்டதை மீட்பது மேலடுக்கிலுள்ள டிசிபியின் பொறுப்பாகிறது. அது சில வேளை காலக்கெடு முடியும்வரை காத்திருக்க நேரும். லினக்சில் அக்கெடு குறைந்தது 200 மில்லி நொடி. அந்த நேரத்தில் நல்ல இணைப்பு 2.5 மெகாபைட் அனுப்பியிருக்கும். நின்று நின்று போவதன் காரணம் இதுவே.

## கண்டறிதல்

ஒரு கணினி ஆய்வகத்தில் சர்வரிலிருந்து 700 மெகாபைட் கோப்பை எடுக்கிறார்கள் என்க. 100 மெகாபிட் இணைப்பில் இதற்குச் சுமார் ஒரு நிமிடம் போதும். ஒரே ஒரு கணினியில் மட்டும் பல மடங்கு நேரம் ஆகிறது; வேகமும் ஏறி இறங்குகிறது. அந்த லினக்ஸ் கணினியில் `ethtool eth0` என்று கொடுத்தால் வரும் வரிகளில் சில:

```
Link partner advertised auto-negotiation: No
Speed: 100Mb/s
Duplex: Half
Auto-negotiation: on
```

முதல் வரியும் மூன்றாம் வரியும் சேர்ந்து நடந்ததைச் சொல்லிவிடுகின்றன: நாம் பேசினோம், மறுமுனை பேசவில்லை, ஆகவே அரை இருவழி. இதை உறுதிசெய்ய இரு முனைகளின் பிழை எண்ணிக்கைகளையும் பார்க்க வேண்டும். அரை இருவழி முனையில் `late collision` ஏறும். முழு இருவழி முனையில் மோதலே இராது. அங்கே `CRC` பிழைகளும் `runts` எனப்படும் குறுஞ்சட்டகங்களும் ஏறும். `CRC` பிழையை மட்டும் கண்டு வடத்தை மாற்றுவது பலர் செய்வது. வடம் மாறினாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கும். சிஸ்கோ சுவிட்சுகள் இரண்டு ஒன்றோடொன்று இணைந்திருந்தால் `%CDP-4-DUPLEX_MISMATCH` என்ற எச்சரிக்கையே பதிவேட்டில் வரும்.

## சரிசெய்தல்

சுவிட்ச் போர்ட்டையும் தானியங்கு நிலைக்கு மாற்றுவதே சரியான தீர்வு. அந்தப் போர்ட்டைத் தொட அனுமதி இல்லையென்றால், கணினியையும் அதேபோல் நிலையாக அமைக்கலாம்:

```
ethtool -s eth0 speed 100 duplex full autoneg off
```

விண்டோசில் இதே அமைப்பு வலையட்டையின் பண்புகளில் `Speed & Duplex` என்ற பெயரில் இருக்கும். மறுமுனை தானியங்கு நிலையில் இருக்கும்போது இப்படிச் செய்தால் பொருந்தாமையை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

செம்புக் கம்பி வழிச் செல்லும் ஜிகாபிட் ஈதர்நெட்டில் தானியங்கு உடன்பாடு கட்டாயம். அங்கே வரும் கோளாறு வேறு வகையானது. ஜிகாபிட்டுக்கு வடத்தின் நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் உள்ள இரண்டு இணைகளே போதும். மற்ற இணைகளில் ஒரு கம்பி விட்டுப்போனால், சில கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அப்போது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டை ஒட்டி நிலையாக நிற்கும். ஏறி இறங்காது, `Duplex: Full` என்றே காட்டும், பிழைகளும் ஏறா. இங்கே மாற்ற வேண்டியது அமைப்பை அன்று, வடத்தை அல்லது அதன் முனையிலுள்ள செருகியை.

எதை மாற்றினாலும் பிழை எண்ணிக்கைகளைக் குறித்துவைத்துக்கொண்டு, அதே 700 மெகாபைட் கோப்பை மீண்டும் நகலெடுத்துப் பார்க்க வேண்டும். பழைய எண்கள் அப்படியே இருக்கலாம். புதிதாக ஒன்றுகூட ஏறக்கூடாது.