யார் செய்தார் என்று சொல்லாத ‘சி’

இத்தாலியில் ஒரு சின்ன விடுதி. ஆங்கிலத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையை இத்தாலியனில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘கிரெடிட் கார்டுகள் ஏற்கப்படும்’, ‘சாவிகள் வரவேற்பறையில் ஒப்படைக்கப்பட வேண்டும்’ என்று ஆங்கிலப் பலகை முழுக்கச் செயப்பாட்டு வாக்கியங்கள். இத்தாலியனிலும் செயப்பாட்டு வினை உண்டு. அதிலேயே எழுதினாலும் பிழையில்லை. ஆனால் பலகை கோர்ட்டு உத்தரவு மாதிரி விறைப்பாக நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் அங்கே ‘சி’ என்ற ஓரெழுத்துச் சொல்லைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள்.

கார்டு வாக்கியம் ‘சி அச்செத்தனோ கார்த்தே தி க்ரேதித்தோ’ என்றாகும். ‘அச்செத்தனோ’ என்பது ‘ஏற்கிறார்கள்’ என்ற பன்மை வினை. ஏற்கிறவர் விடுதிக்காரர் ஒருவர்தானே, பன்மை எதற்கு? அந்தப் பன்மை அவருக்கு உரியதல்ல, கார்டுகளுக்கு உரியது. முன்னால் ‘சி’ வந்ததும், செயப்படுபொருளாக இருந்த ‘கார்டுகள்’ எழுவாய் ஆகிவிட்டது. வினை அதற்கு இணங்குகிறது. ஒரே கார்டு என்றால் ‘சி அச்செத்தா லா கார்த்தா’ என்று வினையும் ஒருமைக்கு மாறும். இதைத்தான் ‘சி பஸ்ஸிவாந்தே’, அதாவது செயப்பாட்டுப் பொருள் தரும் ‘சி’ என்கிறார்கள்.

அதே பலகையில் ‘இங்கே நன்றாகத் தூங்கலாம்’ என்று ஒரு வரி இருந்தால்? ‘குயி சி தோர்மே பேனே’. தூங்குவதற்குச் செயப்படுபொருள் கிடையாது. எழுவாயாக உயர்த்த அங்கே எதுவும் இல்லை. அதனால் வினை எப்போதும் ஒருமையில் நிற்கும். இது எழுவாயற்ற ‘சி’, ‘சி இம்பெர்சொனாலே’. ‘என்று சொல்கிறார்கள்’ என்பதற்கு வரும் ‘சி தீச்சே கே’யும் ஒருமையிலேயே நிற்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். வாக்கியத்தில் உள்ள பெயர்ச்சொல்லைப் பன்மையாக்கிப் பாருங்கள். வினையும் கூடவே மாற வேண்டியிருந்தால் முதல் வகை. மாற்றுவதற்குப் பெயர்ச்சொல்லே இல்லையென்றால் இரண்டாம் வகை.

எழுவாயற்ற ‘சி’யில் ஒரு விநோதம் உண்டு. வினை ஒருமை, ஆனால் கூட வரும் பெயரடை பன்மை. ‘களைப்பாக இருக்கும்போது’ என்று பொதுவாகச் சொல்ல ‘குவாந்தோ சி எ ஸ்தாங்கி’ என்பார்கள். ‘எ’ ஒருமை, ‘ஸ்தாங்கி’ பன்மை. பேசுகிறவரின் மனதில் ஆட்கள் பலர் இருக்கிறார்கள். வினைக்கு மட்டும் அது தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் ஒருமைப் பெயரடை போட்டு மாட்டிக்கொள்வது வழக்கம்.

சாவி வாக்கியத்துக்கு வருவோம். ‘லே கியாவி சி லாஷனோ அல்லா ரிசெப்ஷன்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சாவிகள் வரவேற்பறையில் விடப்படுகின்றன’, அவ்வளவுதான். ‘வேண்டும்’ என்ற சொல் எங்கும் இல்லை. ஆனாலும் படிப்பவர் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்வார். நிகழ்கால ‘சி’ வாக்கியம் ‘இதுதான் முறை’ என்று சொல்லக்கூடியது. ஸ்பகெத்தியைக் கத்தியால் நறுக்கும் விருந்தாளியிடம் ‘நோன் சி தாலியனோ’ என்றால் ‘நறுக்கப்படுவதில்லை’ என்ற தகவல் அல்ல. ‘நறுக்கக் கூடாது’ என்ற கண்டிப்பு.

‘சி’ எடுபடாத இடமும் உண்டு. ‘வில்லா ரொத்தோந்தா பல்லாதியோவால் வடிவமைக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தில் செய்தவரின் பெயர் இருக்கிறது. செய்தவரைச் சொல்லாமல் விடுவதுதான் ‘சி’யின் வேலை, அவரை ‘தா’ போட்டு ஒட்டவைக்க இன்றைய இத்தாலியன் அனுமதிப்பதில்லை. அங்கே ‘ஃபு ப்ரொஜெத்தாத்தா தா பல்லாதியோ’ என்று முழுச் செயப்பாட்டு வினைக்கே போக வேண்டும். பொருள் குழம்பும் இடத்திலும் அதுவே நல்லது. ‘இ பம்பீனி சி லாவனோ’ என்றால் குழந்தைகள் குளிப்பாட்டப்படுகிறார்களா, தாங்களே குளிக்கிறார்களா? தன்வினைக்கும் இதே ‘சி’ என்பதால், கேட்பவர் இரண்டாவதைத்தான் நினைப்பார்.

இத்தாலியத் தெருக்களில் ‘அஃபித்தாசி காமெரே’ என்ற பலகையைப் பார்க்கலாம்: அறைகள் வாடகைக்கு. ‘சி’ இங்கே வினையின் வாலில் ஒட்டியிருக்கிறது. அறைகள் பன்மை என்பதால் ‘அஃபித்தான்சி’ என்றுதான் வர வேண்டும் என்பார்கள் கறாரான இலக்கணக்காரர்கள். அந்த ஒருமை, பலகைக்கே உரிய சலுகை. உங்கள் சொந்த வாக்கியத்தில் அதைப் பின்பற்றாதீர்கள். பெயர்ச்சொல் பன்மையென்றால் வினையையும் பன்மையாக்கியே எழுதுங்கள்.