சூத்திரம் 46 என்றது, அவர்கள் 40 வைத்தார்கள்

1994-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓலே ஃபோல்மரும் அவருடைய சகாக்களும் இரண்டு பிரைமர்களை வெளியிட்டார்கள். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் புழுக்கள் முதல் நத்தை, நண்டு, பூச்சி வரை முதுகெலும்பில்லாத எந்த உயிரினத்திலிருந்தும் ஒரே மரபணுத் துண்டைப் பெருக்கி எடுப்பது அவற்றின் வேலை. 11 பெருந்தொகுதிகளைச் சேர்ந்த உயிரினங்களில் அவை வேலை செய்தன. இன்றும் ஒரு பூச்சியின் காலைக் கிள்ளி அது எந்த இனம் என்று டி.என்.ஏ. வழியாகப் பார்க்க வேண்டுமென்றால், பல ஆய்வுக்கூடங்களில் குளிர்பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது இந்தச் சோடிதான்.

பிரைமர் எழுதுவது எப்படி என்று பாடநூல்கள் சொல்லும் விதிகளில் பாதியை இந்தச் சோடி மீறுகிறது. பி.சி.ஆர். இயந்திரத்தில் அவர்கள் வைத்த வெப்பநிலையும் வழக்கமான கணக்குக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் புரிந்துவிட்டால் பிரைமர் எழுதுவதில் பெரும்பகுதி புரிந்த மாதிரிதான்.

முதலில் பிரைமர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். டி.என்.ஏ. என்பது A, T, G, C என்ற நான்கெழுத்தில் எழுதப்பட்ட இரட்டை இழை. A எப்போதும் T-உடனும், G எப்போதும் C-உடனும் சேரும். பி.சி.ஆரில் 95 டிகிரி வரை சூடாக்கி இரு இழைகளையும் பிரிக்கிறோம். பிறகு வெப்பத்தைக் குறைத்தால், நாம் போட்ட இருபத்தைந்து எழுத்துள்ள சின்னத் துண்டுகள், அதாவது பிரைமர்கள், தமக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டும். அந்த ஒட்டுவெப்பநிலைதான் நம் கதையின் நாயகன். அடுத்து 72 டிகிரியில் டாக் பாலிமரேஸ் என்ற நொதி, ஒட்டிய பிரைமரின் 3' முனையிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்து இழையை நீட்டும். இது ஒரு சுற்று. இப்படி முப்பது, முப்பத்தைந்து சுற்று ஓட்டினால், இரு பிரைமர்களுக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும் கோடிக்கணக்கில் பெருகிவிடும்.

ஃபோல்மரின் சோடி இது:

```
LCO1490  5'-GGTCAACAAATCATAAAGATATTGG-3'
HCO2198  5'-TAAACTTCAGGGTGACCAAAAAATCA-3'
```

பெயரிலுள்ள எண்கள், ஒரு பழ ஈயின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இவை அமரும் இடங்கள். அந்த இரு இடங்களுக்கும் நடுவே, பிரைமர்களையும் சேர்த்து, சுமார் 710 எழுத்துகள். பிரைமர்களின் சொந்த எழுத்துகளைக் கழித்தால் மிஞ்சுவது 658. 2003-இல் கனடாவின் பால் ஹெபெர்ட் உயிரினங்களின் 'பார்கோடு' என்று முன்வைத்தது இந்த மரபணுப் பகுதியைத்தான்.

எல்லா விலங்கிலும் ஒட்ட வேண்டிய பிரைமரை எங்கே வைப்பது? இந்த மரபணு ஒரு புரதத்துக்கான குறிப்பு. மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொரு மூவெழுத்தும் ஓர் அமினோ அமிலம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் மூவெழுத்தின் கடைசி எழுத்து அடிக்கடி மாறும். அது மாறினாலும் பெரும்பாலும் அமினோ அமிலம் மாறாது என்பதால் உயிருக்கு நட்டமில்லை. முதல் இரண்டு எழுத்துகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. இதை மனத்தில் வைத்து LCO1490-இன் வலது கோடியைப் பாருங்கள். `GAT ATT GG` என்று முடிகிறது. GAT ஆஸ்பார்ட்டிக் அமிலம், ATT ஐசோலூசின், அடுத்து வருவது கிளைசின். கிளைசினை GGA, GGT, GGC, GGG என நான்கு விதமாக எழுதலாம். நான்கிலும் முதல் இரண்டெழுத்து GG. பிரைமர் அந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. மாறக்கூடிய மூன்றாவது எழுத்தைத் தொடவே இல்லை.

மறுபக்கத்திலும் இதே சூழ்ச்சி. HCO2198 எதிர் இழைக்கு எழுதப்பட்டது. அதைத் திருப்பி எழுதினால் `TGA TTT TTT GGT CAC CCT GAA GTT TA` என்று வரும். தொடக்கத்திலுள்ள TGA, விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். டிரிப்டோஃபேனுக்கு TGA, TGG என்ற இரண்டே எழுத்துமுறைகள் உண்டு. ஆகவே முதல் இரண்டெழுத்தான TG எங்கும் நிலையானது. பிரைமரின் 3' முனையின் கடைசி இரண்டெழுத்து அந்த TG மீதுதான் உட்காருகிறது.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம், பாலிமரேஸ் பிடித்து நீட்டுவது 3' முனையை. அங்கே கடைசி ஓர் எழுத்து பொருந்தாவிட்டால் நொதி பெரும்பாலும் நகராது. மற்ற முனையில் இரண்டு, மூன்று எழுத்து பிசகினாலும் சமாளித்துக்கொள்ளும். பிரைமர் எழுதும்போது ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

இனி மீறிய விதிகள். பிரைமரில் G, C எழுத்துகள் 40 முதல் 60 சதவீதம் இருக்கட்டும் என்பார்கள். இங்கே ஒன்றில் 25-க்கு 8, அதாவது 32 சதவீதம். மற்றதில் 26-க்கு 9, சுமார் 35 சதவீதம். ஒரே எழுத்து நான்கு தடவைக்கு மேல் அடுத்தடுத்து வரக்கூடாது என்பார்கள். HCO2198-இல் ஆறு A வரிசையாக நிற்கின்றன. இந்த மரபணுவே A, T மிகுந்தது. எல்லா விலங்குக்கும் பொதுவான இடங்களும் சிலவே. இடம் கிடைத்ததே பெரிது என்னும்போது அழகான எழுத்துகளைத் தேட முடியாது. விதிகள் உரிமை நிறைய இருக்கும்போது பின்பற்ற வேண்டியவை. ஓர் உயிரினத்தில் ஒரே மரபணுவுக்குப் பிரைமர் எழுதுபவருக்கு அந்த உரிமை உண்டு. அவர் இவற்றை மீறத் தேவையில்லை.

இப்போது வெப்பநிலை. பிரைமரும் அதன் இணை இழையும் கலந்த கரைசலைச் சூடாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பாதிச் சோடிகள் பிரிந்தும் பாதி சேர்ந்தும் இருக்கும். அதுதான் உருகுநிலை, Tm. இதைத் தோராயமாகக் கணக்கிடப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: ஒவ்வொரு A, T-க்கும் 2 டிகிரி, ஒவ்வொரு G, C-க்கும் 4 டிகிரி. LCO1490-க்கு 17 × 2 + 8 × 4, ஆக 66. பல கையேடுகளில் இன்னும் இதுதான் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இது பதினைந்து எழுத்துக்குக் குறைந்த துண்டுகளுக்காக, உப்பு மிகுந்த கரைசலுக்காக உருவானது. நீளமான பிரைமருக்கு இதைப் போட்டால் எண் கண்டபடி ஏறும். நீளத்தையும் கணக்கில் எடுக்கும் இன்னொன்று:

```
Tm = 64.9 + 41 × (GC − 16.4) / N
LCO1490: 64.9 + 41 × (8 − 16.4) / 25 = 51.1
HCO2198: 64.9 + 41 × (9 − 16.4) / 26 = 53.2
```

GC என்பது G, C எழுத்துகளின் எண்ணிக்கை, N மொத்த நீளம். ஒரே பிரைமருக்கு ஒரு சூத்திரம் 66 என்கிறது, இன்னொன்று 51 என்கிறது. பதினைந்து டிகிரி வித்தியாசம்!

கணினி நிரல்கள் இரண்டையும் விட்டுவிட்டு, அடுத்தடுத்த எழுத்துச் சோடிகளின் பிணைப்பாற்றலைக் கூட்டிப் பார்க்கின்றன. GC என்று வருவதும் CG என்று வருவதும் வெவ்வேறு பலம் உடையவை, ஆகவே எழுத்துகளின் எண்ணிக்கை மட்டும் போதாது, வரிசையும் வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை. 50 மில்லிமோலார் உப்பு, அரை மைக்ரோமோலார் பிரைமர் என்று வைத்து இப்படிக் கணக்கிட்டால் LCO1490-க்கு 51-ஐ ஒட்டியும், HCO2198-க்கு 56-ஐ ஒட்டியும் வருகிறது. உப்பையோ மக்னீசியத்தையோ கூட்டினால் இந்த எண் ஏறும். டி.எம்.எஸ்.ஓ. கலந்தால் இறங்கும். ஆகவே ஒரு பிரைமரின் உருகுநிலை இவ்வளவு என்று யாராவது சொன்னால், எந்தக் கரைசலில் என்று கேட்பது நியாயம்.

டாக் பாலிமரேஸுக்கு வழக்கமான விதி, இரண்டில் குறைந்த உருகுநிலையிலிருந்து 5 டிகிரி கழிப்பது. 51-இல் 5 போனால் 46. ஃபோல்மர் குழுவோ 95-இல் ஒரு நிமிடம், 40-இல் ஒரு நிமிடம், 72-இல் ஒன்றரை நிமிடம் என 35 சுற்று ஓட்டியது. ஏன் 40?

சூத்திரம் எதை எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பிரைமரின் 25 எழுத்தும் எதிரே உள்ள 25 எழுத்தோடு அப்படியே பொருந்துகின்றன என்று அது நம்புகிறது. ஒரு கடல்புழுவிலோ சிப்பியிலோ அப்படி இருக்காது. 3' முனை பொருந்தும், ஆனால் நடுவில் இருக்கும் மூவெழுத்துகளின் கடைசி எழுத்துகள் அங்கங்கே பிசகும். ஒவ்வொரு பிசகும் உருகுநிலையைச் சில டிகிரி இறக்கிவிடும். மூன்று, நான்கு பிசகு சேர்ந்தால் 46 டிகிரியில் பிரைமர் நிற்காது. 40 என்பது அந்தப் பிசகுகளுக்குக் கொடுத்த இடம். பிரைமர் ஒட்டியபின் 72-க்கு ஏறும் வழியிலேயே நொதி சில எழுத்துகளைச் சேர்த்து நீட்டிவிடுவதால், இடையில் அது கழன்றும் போவதில்லை.

பின்னர் வந்த பார்கோடு ஆய்வாளர்கள் இதை இன்னும் நயமாகச் செய்தார்கள். முதல் ஐந்தாறு சுற்றுக்கு 45 டிகிரி, அதன்பின் முப்பத்தைந்து சுற்றுக்கு 50 அல்லது 51. காரணம் இதுதான்: முதல் சுற்றில் LCO1490 பிசகோடு ஒட்டி ஒரு புது இழையை உருவாக்குகிறது. அந்தப் புது இழையின் தொடக்கம் பிரைமரேதான், புழுவின் எழுத்து அல்ல. அடுத்த சுற்றில் HCO2198 அந்த இழையைப் படித்து எதிர் இழையை எழுதும்போது, பிரைமரின் எழுத்துக்கு எதிரெழுத்தையும் அப்படியே எழுதிவிடுகிறது. ஆகவே மூன்றாம் சுற்றிலிருந்து LCO1490-க்கு ஒரு பிசகும் இல்லாத இடம் கிடைக்கத் தொடங்குகிறது. இப்போது சூத்திரம் சொன்ன எண் உண்மையாகிவிடும், வெப்பத்தை ஏற்றலாம். ஏற்றினால், தவறான இடங்களில் அரைகுறையாக ஒட்டியிருந்த பிரைமர்கள் கழன்றுவிடும்.

எந்தக் கணக்கும் கடைசியில் ஜெல்லில்தான் தேறும். இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் ஒரே தட்டின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு வெப்பநிலை வைக்கலாம். 42 முதல் 54 வரை பரப்பி, ஒரே மாதிரியை எல்லாவற்றிலும் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. வெப்பம் குறைவான பக்கத்தில் 710-க்கு மேலும் கீழும் வேண்டாத கோடுகள் தெரியும். கூடின பக்கத்தில் கோடு மங்கி மறையும். நடுவில் ஒரே கோடு தெளிவாக நிற்கும் வெப்பநிலைகளில் உயர்ந்ததை எடுத்துக்கொள்வது வழக்கம். நூறு எழுத்துக்கும் கீழே ஒரு கறை மட்டும் தெரிந்தால், பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகியிருக்கின்றன. மாதிரி போடாமல் தண்ணீர் மட்டும் விட்ட குழாயிலும் அந்தக் கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதே தண்ணீர்க் குழாயில் 710-இல் கோடு வந்தாலோ, எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது.

ஒரே கோடு வந்தாலும் நிம்மதி இல்லை என்பதுதான் இந்தச் சோடியின் தொல்லை. பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவிலும் இதே புரதத்தின் மரபணு உண்டு. பிரைமர்கள் சில வேளை அதையும் பெருக்கிவிடும். நீளம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஜெல்லில் வேறுபாடு தெரியாது. எழுத்துவரிசையைப் படித்துத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால்தான் பிடிபடும். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்கு இடம்பெயர்ந்து செத்துப்போன மரபணுப் பிரதிகளும் இப்படி ஏமாற்றும். அவற்றை அமினோ அமிலங்களாக மொழிபெயர்த்துப் பார்த்தால் பல சமயம் புரதத்தின் நடுவிலேயே நிறுத்தக்குறி வந்து நிற்கும்.