மேலே ஏறிய ஜாக்கெட்

'இந்தோ-வெஸ்டர்ன்' என்று துணிக்கடைகளில் தொங்கும் உடைகளைக் 'கலப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எது எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

தோத்தி பேண்ட் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முன்கொசுவம் மடிக்கப்பட்டு இடுப்புப்பட்டியோடு தைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் எலாஸ்டிக். கணுக்காலில் சுருங்கி முடிகிறது. பஞ்சகச்சத்திலிருந்து வந்தவை கொசுவமும் தொடைகளுக்கிடையே விழும் தொய்வும் மட்டுமே. கட்டுவது என்கிற காரியம் போய்விட்டது. வேட்டி தைக்காத துணி. அப்பா கட்டியதை மகன் கட்டலாம், ராத்திரி அதையே போர்த்திக்கலாம். பேண்ட்டுக்கோ அளவு வேண்டும். ஆக, வேட்டியின் தோற்றம், கால்சட்டையின் இலக்கணம்.

கேப் குர்தாவில் நிலைமை வேறு. கேப் என்பது ஐரோப்பியத் தோள்போர்வை. கழுத்துக்கு இடம் விட்டு வட்டமாகவோ அரைவட்டமாகவோ வெட்டிய துணி. குர்தாவோடு கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டால் துப்பட்டாவின் வேலையை அது செய்கிறது, நழுவுவதுமில்லை. ஆனால் பக்கவாட்டில் பிளவு வைக்காத கேப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துப் பாருங்கள். துணி முழுக்கக் கையோடு ஏறிவிடும். நின்று பார்க்கப்படுவதற்கான உடல்தான் அதன் கணக்கில் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: சேலைக்கு மேல் ஜாக்கெட். தமிழில் ஜாக்கெட் என்றால் முந்தானைக்குக் கீழே போடுகிற ரவிக்கை. இப்போது வருவது கோட்டிலிருந்து காலரையும் முன்திறப்பையும் தோள் வெட்டையும் வாங்கிக்கொண்டு முந்தானைக்கு மேலே ஏறியிருக்கிறது. மடிப்பு கலையாது, ஊக்கும் தேவைப்படாது. ஆனால் மாராப்பு மறைந்துபோகிறது.

இந்த அடுக்குமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரிப் பகுதியில், கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் போட்டார்கள். மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் மேல்சீலையும் போட்டபோது அவை தெருவில் கிழிக்கப்பட்டன. கலவரங்களுக்குப் பிறகு 1859இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல எல்லா நாடார் பெண்களும் ஜாக்கெட் போடலாம். மேல்சாதிப் பெண்கள் போடுகிற விதத்தில் மேலாடை போடக்கூடாது. அதாவது தைத்த ஜாக்கெட்டுக்கு அனுமதி, மேல்சாதி விதத்தில் தோளில் போடும் துணிக்குத் தடை. மார்பை மறைப்பது மட்டுமல்ல அங்கே பிரச்சினை. எந்தத் துணியால், எந்த விதத்தில் என்பதும்தான்.

ஆகவே 'இந்தோ' என்ற பாதியை, வெளிக்காற்றே படாத பழைய துணியைப் போலக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. அதற்குள் ஜாக்கெட் ஏற்கனவே இருந்தது, அடிதடியோடு இருந்தது. அன்று தடுக்கப்பட்ட தோள்துணியின் மேல் இன்று ஜாக்கெட் படுத்திருக்கிறது. போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வசதியாக இருந்தால் போடட்டும். அதைப் புதுசு என்று விற்கும்போது எந்தத் தோள்கள் மறக்கப்படுகின்றன என்பதே என் கேள்வி.