படிவம் நிரப்பியவர் ஸ்டீயரிங் பிடிக்கும் வரை

கார் ஷோரூம்கள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் செய்வதன் முதல் நோக்கம் டெஸ்ட் டிரைவுக்கு ஆள் சேர்ப்பது. பல லட்ச ரூபாய் பொருளைப் போனில் பார்த்து யாரும் வாங்குவதில்லை. விளம்பரத்தால் ஆக வேண்டியது, வாடிக்கையாளரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைப்பது மட்டுமே.

இதற்குப் பெரும்பாலான ஷோரூம்கள் பயன்படுத்துவது ‘லீட்’ விளம்பரம். விளம்பரத்தைத் தொட்டதும் செயலிக்குள்ளேயே ஒரு படிவம் திறக்கும். பெயரும் போன் எண்ணும் அவரது கணக்கிலிருந்து தானாகவே நிரம்பியிருக்கும். ஒரு தொடுதலில் அனுப்பிவிடலாம். சிக்கலும் இங்கேதான். கணக்குத் தொடங்கியபோது கொடுத்த எண் இன்று புழக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். விலை தெரிந்துகொள்ளத் தொட்டவர், படிவம் அனுப்பியதையே மறந்திருக்கலாம். டெலிகாலர் அழைக்கும்போது “நான் எதுவும் கேட்கலையே” என்ற பதில் அடிக்கடி வருவது இதனால்தான்.

படிவத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கடினமாக்குவது நல்ல மாற்று. படிவ வகையில் ‘Higher intent’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அனுப்பும் முன் விவரங்களைச் சரிபார்க்கும் ஒரு படி கூடுதலாக வரும். அதோடு மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? எந்த நாள், எந்த நேரம்? கார் வீட்டுக்கு வர வேண்டுமா, ஷோரூமுக்கு வருகிறீர்களா? வாங்கும் எண்ணம் இல்லாதவர் இரண்டாவது கேள்வியிலேயே விலகிவிடுவார். முதல் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்கு மேனுவல் டெமோ காரைக் காட்டினால், அந்த டெஸ்ட் டிரைவால் பலன் இல்லை.

திருநெல்வேலியில் உள்ள ஒரு ஷோரூம் மாதம் 30,000 ரூபாய் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். எளிய படிவத்தில் 200 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு 150 ரூபாய். அவர்களில் 90 பேர் போனை எடுக்கிறார்கள், 40 பேர் நாள் குறிக்கிறார்கள், 18 பேர் ஓட்டிப் பார்க்கிறார்கள். கேள்விகள் சேர்த்த படிவத்தில் வருவது 75 பேர்தான். ஒருவருக்கு 400 ரூபாய். ஆனால் அதில் 24 பேர் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்றால், ஒரு டெஸ்ட் டிரைவின் செலவு 1,667 ரூபாயிலிருந்து 1,250 ஆகக் குறைகிறது. இவை உதாரண எண்கள். ஊருக்கும் காருக்கும் ஏற்ப மாறும். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் மாறாது. படிவம் ஒன்றுக்கான செலவை மட்டும் அறிக்கையில் காட்டும் விளம்பர ஏஜென்சியிடம், எத்தனை பேர் வண்டி ஓட்டினார்கள் என்ற கணக்கையும் ஷோரூம் கேட்டு வாங்க வேண்டும்.

விளம்பரத்தில் எதைக் காட்டுவது? மாலை போட்டுச் சாவி வாங்கும் டெலிவரி படங்கள் நம்பிக்கை தரும். ஆனால் ஓட்டிப் பார்க்கும் ஆசையைத் தூண்டுவது வேறு. ஆறடி உயரமுள்ளவர் முன்னால் உட்கார்ந்திருக்க, பின்னால் மூன்று பெரியவர்கள் உட்காரும் அரை நிமிட ரீல்ஸ். அல்லது நான்கு பேரோடு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேகத்தடையைக் கார் கடக்கும் காட்சி. குடும்பங்கள் வீட்டில் விவாதிக்கும் சந்தேகங்கள் இவைதான். இந்த வீடியோவில் பாதிக்கு மேல் பார்த்தவர்களைத் தனிப் பட்டியலாக்கி, அவர்களுக்கு மட்டும் படிவ விளம்பரத்தைக் காட்ட முடியும். சுற்றளவையும் ஷோரூமிலிருந்து டெமோ கார் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள் வைத்தால், வர முடியாதவர்களுக்காகப் பணம் போகாது.

படிவம் வந்த சில நிமிடங்களுக்குள் அழைப்பது மிக அவசியம்; அதே ஆள் வேறு இரண்டு ஷோரூம்களிலும் கேட்டிருப்பார். நாள் குறித்த பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போக வேண்டும்: வரப்போகும் ஊழியரின் பெயர், காரின் நிறம், நேரம், ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருக்கும்படி ஒரு வரி. முந்தைய நாள் மாலை மறுபடி ஒரு நினைவூட்டல். குறித்த நாளில் வராதவர்களில் பலர் மனம் மாறியவர்கள் அல்ல, நேரம் ஒத்துவராதவர்கள். அவர்களுக்கு அன்றே வேறு நாள் கொடுத்தால் போதும்.

தமிழ்நாட்டில் ஆடி மாதத்தில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு அந்தத் தயக்கம் தேவையில்லை என்பதால், விளம்பரத்தை நிறுத்தாமல் ‘இப்போது ஓட்டிப் பாருங்கள், ஆவணியில் டெலிவரி எடுங்கள்’ என்று சொல்லலாம். அப்படி ஆவணியில் வரும் புக்கிங்கை ஆடியின் விளம்பரச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மாதக் கணக்கைத் தனித்தனியாக முடிக்கும் ஷோரூம், பலன் தந்த விளம்பரத்தையே வீண் என்று நிறுத்திவிடும்.